வயதுக்கு நேர்கோடு போடலாமா?

ஒரு வயதுக் குழந்தை இரண்டு வயதை எட்டுவதும், 41 வயதுக்காரர் 42-ஐ எட்டுவதும் ஒரே அளவு மாற்றமா? யாரைக் கேட்டாலும் ‘அதெப்படி?’ என்பார்கள். ஆனால் மருத்துவம், வங்கிக் கடன், காப்பீடு என்று எங்கெல்லாம் ‘நடக்குமா, நடக்காதா’ என்று கணிக்கிறார்களோ, அங்கெல்லாம் பயன்படும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற முறை ‘ஆமாம், ஒன்றுதான்’ என்று எடுத்துக்கொள்கிறது. வயதை அப்படியே எண்ணாக உள்ளே போட்டால், ஒவ்வொரு வயதுக்கும் ஒரே அளவு ஏற்றம் அல்லது ஒரே அளவு இறக்கம் என்ற அனுமானமும் கூடவே உள்ளே போய்விடுகிறது. அந்த அனுமானம் சரியா என்று கணினி தானாகச் சோதிப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு, உலகம் முழுவதும் புள்ளியியல் மாணவர்கள் கையாளும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதி, மறுநாள் விடியுமுன் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயணிகள் பட்டியல் அது. ‘காகிள்’ இணையதளத்தில் பயிற்சிக்காகத் தரப்பட்டுள்ள train.csv கோப்பில் 891 பயணிகள் இருக்கிறார்கள். அவர்களில் 714 பேரின் வயது தெரியும். அந்த 714 பேரில் பிழைத்தவர்கள் 290.

வயதுக்கும் பிழைப்புக்கும் என்ன தொடர்பு? வயதை மட்டும் வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஓட்டினால், வயதின் கெழு −0.011 என்று வரும். ஒரு வயது கூடினால் பிழைக்கும் வாய்ப்பு விகிதம் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று இதற்குப் பொருள். p மதிப்பு 0.04. பலர் இந்த இடத்தில் ‘வயது கூடக் கூடப் பிழைப்பு குறைகிறது, முடிவு குறிப்பிடத்தக்கது’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் என்ன மறைந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் லாஜிட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 20 வயதுக்கு மேல் 30 வரை உள்ள பயணிகள் இந்தப் பட்டியலில் 230 பேர். பிழைத்தவர்கள் 84, இறந்தவர்கள் 146. 84-ஐ 146-ஆல் வகுத்தால் 0.575. இதுதான் வாய்ப்பு விகிதம். அதன் இயல் மடக்கை −0.55. இதுதான் லாஜிட். பாதிக்குப் பாதி பிழைத்திருந்தால் லாஜிட் பூச்சியம். பாதிக்கு மேல் என்றால் நேர்ம எண், கீழே என்றால் எதிர்ம எண். இந்தச் சுற்றுவழி எதற்கு? சதவீதம் பூச்சியத்துக்கும் நூறுக்கும் இடையில் அடைபட்டது. அதன்மேல் நேர்கோடு போட்டால், கோடு எங்காவது நூறைத் தாண்டிவிடும், இல்லையேல் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். லாஜிட்டுக்கு அந்த வேலி இல்லை. அதனால் நேர்கோட்டை லாஜிட் அளவுகோலில்தான் போடுகிறார்கள். நேர்கோடா இல்லையா என்ற கேள்வியும் அந்த அளவுகோலில்தான் எழுகிறது. சதவீதத்தில் வரைந்த படம் சற்று வளைந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ரிக்ரெஷனில் ஆளுக்கொரு புள்ளி வைத்தால் போக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொருவருக்கும் விடை 1 அல்லது 0 மட்டுமே. புள்ளிகளை வைத்தால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அவ்வளவுதான். தனி ஆளுக்கு லாஜிட்டும் கிடையாது. ஆகவே ஆட்களைக் குழுவாகச் சேர்த்தாக வேண்டும்.

பத்து பத்து வயதாகப் பிரிப்போம். பத்து வயது வரை 64 பேர், அவர்களில் பிழைத்தவர்கள் 38; லாஜிட் +0.38. பத்துக்கு மேல் 20 வரை 115 பேரில் 44, லாஜிட் −0.48. அடுத்த பத்தில் நாம் மேலே கணக்கிட்ட −0.55. முப்பதுக்கு மேல் 40 வரை 155 பேரில் 69, லாஜிட் −0.22. அதற்கடுத்த பத்தில் 86 பேரில் 33 பேர், −0.47. ஐம்பதுக்கு மேல் 60 வரை 42 பேரில் 17 பேர், −0.39. அறுபதைத் தாண்டியவர்கள் மொத்தம் 22 பேர், பிழைத்தவர்கள் 5, லாஜிட் −1.22.

கிடை அச்சில் வயது, நேர் அச்சில் லாஜிட் என்று வைத்து இந்த ஏழு புள்ளிகளைக் குறியுங்கள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு செங்குத்தான இறக்கம். அங்கிருந்து 60 வயது வரை ஏறக்குறைய சமதளம், நடுவில் சிறு மேடு. அதற்குப் பிறகு மறுபடி இறக்கம். இதன் குறுக்கே கணினி போட்ட நேர்கோடு மெல்லிய சரிவாக, எந்த இறக்கத்தையும் கண்டுகொள்ளாமல் போகிறது. ஐந்து வயது வரை உள்ள 44 குழந்தைகளில் சுமார் 21 பேர் பிழைத்திருப்பார்கள் என்கிறது கோடு. உண்மையில் பிழைத்தவர்கள் 31. இருபதுகளில் உள்ளவர்களில் சுமார் 96 பேர் என்கிறது; உண்மை 84. குழந்தைகளைக் குறைத்தும் இளைஞர்களைக் கூட்டியும் சொல்லி, மொத்தத்தில் 290-ஐச் சரியாகக் காட்டிவிடுகிறது. மொத்தம் சரியாக வருவதால் கோடு சரி என்று ஆகிவிடாது. லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் மொத்தம் எப்போதுமே சரியாகத்தான் வரும். அது அந்த முறையின் கட்டமைப்பு.

குழுப் படம் எளிது, தாளிலேயே வரையலாம். ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு கதை சொல்லும். முதல் பத்து வயதை இரண்டாக வெட்டிப் பாருங்கள். ஐந்து வரை 44 பேரில் 31 பேர், அதாவது 70 சதவீதம். ஐந்துக்கு மேல் பத்து வரை 20 பேரில் 7 பேர், அதாவது 35 சதவீதம். பத்துக்கு மேல் 15 வரை 19 பேரில் 11 பேர், 58 சதவீதம். இறங்கி, மறுபடி ஏறுகிறது! ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான குழந்தைகளைக் கப்பலில் யாரும் கவனிக்கவில்லை என்று கட்டுரை எழுதிவிடலாமா? கூடாது. இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதிலும் அந்த இருபது பேர் தனித்தனியானவர்கள் அல்லர். மூன்றாம் வகுப்பில் வந்த ஆண்டர்சன் குடும்பத்தில் தாய், தந்தை, ஐந்து குழந்தைகள் எல்லோரும் இறந்தார்கள். அவர்களில் 9 வயதுக் குழந்தையும் 6 வயதுக் குழந்தையும் இந்தச் சிறு குழுவில்தான் வருகிறார்கள். ஒரு குடும்பத்தின் விதி, ஒரு வயதின் விதிபோலப் படத்தில் தெரிகிறது.

ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை வரம்பு போடாமல் குழுப் படத்தைப் படிக்கக் கூடாது. சூத்திரம் எளிது: பிழைத்தவர் எண்ணிக்கையின் தலைகீழியையும் இறந்தவர் எண்ணிக்கையின் தலைகீழியையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், அதைச் சுமார் இரண்டால் பெருக்கி, லாஜிட்டுக்கு மேலும் கீழும் குறியுங்கள். இருபதுகளில் உள்ள 230 பேருக்கு இந்த வரம்பு இருபுறமும் 0.27 மட்டுமே. 70-க்கு மேல் ஐந்தே பேர், பிழைத்தவர் ஒருவர்; அங்கே வரம்பு இருபுறமும் 2.2. சதவீதமாக மாற்றினால், பிழைக்கும் வாய்ப்பு 3 சதவீதமாகவும் இருக்கலாம், 69 சதவீதமாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். அந்தப் புள்ளி எதையும் சொல்லவில்லை. 60-க்கு மேற்பட்டவர்களை நான் ஒரே குழுவாகச் சேர்த்தது இதனால்தான். ஒரு குழுவில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். பூச்சியத்துக்கு மடக்கை இல்லை என்பதால் புள்ளி படத்தை விட்டே ஓடிவிடும். மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பார்ப்பவருக்கு அங்கே ஆட்களே இல்லை என்று தோன்றும்.

வெட்டும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் ஸ்ப்லைன். அந்தக் காலத்தில் கப்பல் கட்டுபவர்கள் மெல்லிய மரச் சட்டத்தைச் சில இடங்களில் எடை வைத்து அழுத்தி, அது இயல்பாக வளையும் வளைவை வரைபடத்தில் எடுப்பார்களாம். பெயர் அங்கிருந்து வந்தது. கணக்கிலும் அதேதான். வயது அச்சில் சில இடங்களை ‘முடிச்சு’ என்று குறிக்கிறோம். முடிச்சுக்கு முடிச்சு வளைவு மாறலாம், ஆனால் எங்கும் ஒடியக் கூடாது. அதிகம் பயன்படும் வகையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: முதல் முடிச்சுக்கு முன்னும் கடைசி முடிச்சுக்குப் பின்னும் நேர்கோடாகவே போக வேண்டும். ஓரங்களில் ஆட்கள் குறைவு. அங்கே வளைய விட்டால் வளைவு தாறுமாறாகப் போகும்.

முடிச்சுகளை எங்கே போடுவது? படத்தைப் பார்த்துப் போடக் கூடாது. இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்கப் புள்ளியியலாளர் ஃபிராங்க் ஹாரல், ஆட்கள் எங்கே அதிகமோ அதற்கேற்ப முடிச்சுகள் அமைய வேண்டும் என்கிறார். நான்கு முடிச்சு என்றால், வயதுவாரியாக வரிசைப்படுத்தியதில் 5, 35, 65, 95 சதவீத இடங்கள். நம் பட்டியலில் அவை ஏறத்தாழ 4, 24, 34, 56 வயதுகளில் விழுகின்றன. ஆர் மொழியில் அவருடைய rms தொகுப்பு இருந்தால் வேலை சில வரிகளில் முடிந்துவிடும்:

```
library(rms)
d <- read.csv("train.csv")[, c("Survived", "Age", "Sex", "Pclass")]
d$Pclass <- factor(d$Pclass)
dd <- datadist(d); options(datadist = "dd")
f <- lrm(Survived ~ rcs(Age, 4), data = d)
anova(f)
plot(Predict(f, Age))
```

`rcs(Age, 4)` என்பது நான்கு முடிச்சு ஸ்ப்லைன். கடைசி வரி, லாஜிட் அளவுகோலில் வளைவையும் அதைச் சுற்றிய நம்பிக்கைப் பட்டையையும் வரையும். அந்தப் பட்டைக்குள் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு நேர்கோட்டை வசதியாகப் போட முடிகிறதா என்று பாருங்கள். `anova(f)` தரும் பட்டியலில் `Nonlinear` என்று ஒரு வரி வரும். நேர்கோட்டுக்கு மேல் வளைவு கூடுதலாக எவ்வளவு சொல்கிறது என்பதற்கான சோதனை அது. நான்கு முடிச்சுக்கு இரண்டு கூடுதல் கெழுக்கள்; அவை இரண்டும் பூச்சியமா என்பதுதான் கேள்வி.

ஸ்ப்லைனுக்கும் பார்வைக் குறைபாடு உண்டு. 4 வயதுக்கும் 24 வயதுக்கும் இடையில் முடிச்சே இல்லை. குழந்தைப் பருவத்து இறக்கம் எந்த வயதில் நிகழ்ந்தது என்று இந்த வளைவிடம் கேட்டால், அது பல ஆண்டுகளுக்குப் பரப்பி, மழுப்பித்தான் சொல்லும். கப்பலிலும் எல்லை தெளிவாக இல்லை. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்பது ஆணை. ஆனால் எந்த வயதுவரை ஒருவன் குழந்தை என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. இடதுபுறப் படகுகளைக் கவனித்த அதிகாரி லைட்டோலர், 13 வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றவே தயங்கினார். தந்தை வாதாடிய பிறகுதான் விட்டார்.

இதுவரை பார்த்தது வயதை மட்டும் வைத்து. பலர் படத்தை வரைந்து, வளைவைக் கண்டுபிடித்து, இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நேர்கோடு வேண்டும் என்ற நிபந்தனை, மாதிரியில் உள்ள மற்ற காரணிகளை நிலையாக வைத்த பிறகு உள்ள தொடர்புக்குத்தான். தனியாகப் பார்க்கும்போது தெரியும் வளைவு, மற்றவற்றைச் சேர்த்ததும் மறையலாம். தனியாக நேராகத் தெரிவது வளையலாம்.

முப்பதிலிருந்து 60 வரை கோடு சமதளமாக நின்றதே, ஏன்? முதல் வகுப்பில் பயணம் செய்தவர்களின் சராசரி வயது 38, இரண்டாம் வகுப்பில் 30, மூன்றாம் வகுப்பில் 25. முதல் வகுப்பில் 63 சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் 24 சதவீதம் பேர்தான். வயதானவர்கள் பணக்காரர்களாகவும் இருந்தார்கள். வயது இழுத்த இறக்கத்தைப் பணம் மேலே தூக்கிப் பிடித்தது. வகுப்பையும் பாலினத்தையும் மாதிரியில் சேர்த்ததும் வயதின் கெழு −0.011-லிருந்து −0.037 ஆகிறது, மூன்று மடங்குக்கு மேல். படத்தில் பார்த்த சமதளத்தில் ஒரு பெரிய பங்கு டிக்கெட் விலையின் வேலை.

பாலினம் இன்னும் கூர்மையான விஷயத்தைக் காட்டுகிறது. 15 வயது வரையான பையன்கள் 40 பேரில் 21 பேர் பிழைத்தார்கள். அதற்கு மேற்பட்ட ஆண்கள் 413 பேரில் 72 பேர்தான். லாஜிட் +0.10-லிருந்து −1.56-க்கு விழுகிறது. பெண்கள் பக்கம் திரும்பினால், 15 வயது வரையான சிறுமிகள் 43 பேரில் 28 பேர், அதற்கு மேற்பட்ட பெண்கள் 218 பேரில் 169 பேர். லாஜிட் +0.62-லிருந்து +1.24-க்கு ஏறுகிறது! ஆண்களுக்கு வயது கூடியது பாதகமாக, பெண்களிடம் போக்கு எதிர்த்திசையில். இரண்டையும் கலந்து ஒரே வளைவு வரைந்தால் அது யாருடைய கதையும் அல்ல. ஸ்ப்லைன் எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் இந்தத் தவறை அதனால் திருத்த முடியாது. வளைவை ஆண், பெண் என்று தனித்தனியாக வளைய விட வேண்டும்:

```
f2 <- lrm(Survived ~ rcs(Age, 4) * Sex + Pclass, data = d)
plot(Predict(f2, Age, Sex))
```

குழுப் படம் வரைபவர்களும் இதையே செய்யலாம்: ஆண்களுக்கு ஒரு படம், பெண்களுக்கு ஒரு படம். ஆட்கள் பாதியாகக் குறைவதால் குழுக்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியலைக் கையாளும் பயிற்சிப் பாடங்களில் அது அடிக்கடி கண்ணில் படுகிறது. 177 பேருக்கு வயது தெரியாது. பலர் அந்த இடங்களையெல்லாம் இடைநிலை வயதான 28-ஆல் நிரப்பிவிட்டு மேலே செல்கிறார்கள். வயது தெரியாதவர்களில் பிழைத்தவர்கள் 52 பேர், அதாவது 29 சதவீதம். அவர்கள் அனைவரும் இருபதுகளின் குழுவில் போய் விழுந்தால், 230 பேர் 407 ஆகிறார்கள், பிழைப்பு 36.5 சதவீதத்திலிருந்து 33.4-க்கு இறங்குகிறது. படத்தில் 28 வயதை ஒட்டி ஒரு பள்ளம். அது வயதின் பள்ளம் இல்லை, நிரப்பியவர் தோண்டியது. முடிச்சுகளின் இடங்களும் அதனால் நகர்ந்துவிடும். நேர்கோட்டைச் சோதிக்கும்போது, வயது உண்மையில் பதிவானவர்களை மட்டும் வைத்து ஒருமுறையாவது வரைந்து ஒப்பிடுங்கள்.

சரி, நேர்கோடு இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? ‘15 வயது வரை, 15-க்கு மேல்’ என்று இரண்டாக வெட்டி மாதிரியில் போட்டுவிடலாம் என்று உடனே தோன்றும். நான் இதை விரும்புவதில்லை. குழுக்கள் பார்ப்பதற்கு நல்லவை, மாதிரியில் வைப்பதற்கு அல்ல. அப்படி வைத்தால் 15 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையே ஒரு பாதாளம், 16-க்கும் 60-க்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லை என்று சொல்வதாகிவிடும். அந்த எல்லையையும் இதே தரவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்பதால், வரும் p மதிப்பு நம்மைப் புகழ்வதற்காகவே பிறந்தது போல இருக்கும். ஸ்ப்லைனை மாதிரியிலேயே வைத்துக்கொள்வது நேர்மையான வழி. ‘ஒரு வயதுக்கு ஒரு சதவீதம்’ என்ற ஒற்றை எண் அப்போது கிடைக்காதுதான். அதற்குப் பதிலாக வளைவின் படத்தைத் தரலாம். அல்லது 5 வயதுப் பையனையும் 25 வயது ஆணையும் ஒப்பிட்ட வாய்ப்பு விகிதத்தைச் சொல்லலாம்.

`Nonlinear` வரியில் p மதிப்பு 0.05-க்கு மேல் இருந்தால் நேர்கோட்டுக்குத் திரும்பிவிடுவது, கீழே இருந்தால் ஸ்ப்லைனை வைப்பது என்ற வழக்கமும் ஆபத்தானது. ஆட்கள் குறைவாக இருந்தால் எவ்வளவு பெரிய வளைவும் அந்தச் சோதனையில் தப்பிவிடும். லட்சக்கணக்கில் இருந்தால் கண்ணுக்கே தெரியாத வளைவும் பிடிபடும். அத்துடன், சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி, முதலிலேயே முடிவு செய்த மாதிரியைப் போலப் பாவனை காட்டி, தன் பிழை வரம்புகளைச் சுருக்கிச் சொல்லும். நடந்தவர்கள், நடக்காதவர்கள் என்ற இரு பக்கங்களில் சிறிய பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நம் பட்டியலில் அது 290. நூற்றுக்கணக்கில் இருந்தால், வயது போன்ற முக்கியமான காரணிக்கு நான்கு முடிச்சு என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முப்பது நாற்பது பேர்தான் என்றால் மூன்று முடிச்சே அதிகம். அங்கே நேர்கோட்டைப் போட்டுவிட்டு, அது சோதிக்கப்படாத அனுமானம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவது போதும்.